அறுநூறு நானூற்றிருபது ஆனபோது பண்டாரிக்கு எழுதிய செய்தி



என் ராத்தாவின் மகனுக்குச் சென்ற ஆண்டு வலீமா நடந்தது. மச்சான் மவுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால், தாய்மாமன் என்ற முறையில் ஏற்பாடுகள் என் தலையில் விழுந்தன. விருந்தாளிகளின் எண்ணிக்கை இடையில் குறைந்தபோது பண்டாரிக்கு ஒரு செய்தி எழுத நேர்ந்தது. பத்து வரிக்கு மேல் போகாத அந்தச் செய்தியை எழுத எனக்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின. பதினெட்டு ஆண்டுகளாக வியாபாரப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிற எனக்கே அவ்வளவு நேரம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால், திருமண வீட்டுப் பொறுப்பில் இருக்கும் எவருக்கேனும் பயன்படக்கூடும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் பேசியிருந்தது அறுநூறு பேருக்கு. எங்கள் கடற்கரையூரில் விருந்து என்றால் சஹன் சாப்பாடுதான். ஒரு சஹனுக்கு நால்வர் வீதம் நூற்றைம்பது சஹன். ஆட்டுக்கறி பிரியாணி, தால்சா, தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய்ப் பச்சடி, பிரெட் அல்வா. தலைக்கு 350 ரூபாய் எனப் பண்டாரி சொன்னார். மொத்தம் 2,10,000 ரூபாய். முன்பணமாக 50,000 கொடுத்துவிட்டோம். இவை அனைத்தும் இரண்டு மாதங்களுக்கு முன்பே அவருடைய குறிப்பேட்டில் எழுதப்பட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டாயிற்று.

வலீமாவுக்குப் பன்னிரண்டு நாள்கள் இருக்கையில் மணப்பெண்ணின் பாட்டனார் மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கணவரை இழந்த பெண் தவிர மற்ற உறவினர்கள் மூன்று நாள்களுக்கு மேல் துக்கம் அனுஷ்டிப்பதற்கில்லை என்பதால் நிக்காஹைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று இரு வீட்டாரும் முடிவெடுத்தோம். ஆனால் பாட்டியார் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள்கள் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு இரண்டு பேருந்துகளில் கூட்டமாக விருந்துக்குப் புறப்பட்டு வர அந்தக் குடும்பத்துக்கு மனம் வரவில்லை. இருநூறு பேர் வருவதாக இருந்த இடத்தில் இருபது பேர் மட்டும் வருவதாகப் பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். நூற்றெண்பது பேர் குறைந்தார்கள்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் ராத்தா வீட்டில் கூடினோம். ராத்தாவின் நிலைமையை இங்கே சொல்ல வேண்டும். மருமகன் வளைகுடாவில் ஐந்து ஆண்டுகள் சேர்த்த பணத்தில் மஹரும் நகையும் போக எஞ்சியது விருந்துக்குப் போதவில்லை. உறவினர் ஒருவரிடம் அழகிய கடனாக 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். ஆகவே பண்டாரியிடம் எவ்வளவு குறையும் என்பது அந்த வீட்டில் வெறும் பேச்சாக இல்லை. எத்தனை மாதம் கடன் அடைக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கும்.

ராத்தாவின் கொழுந்தனார் விவரமறிந்தவர். பல விருந்துகளை முன்னின்று நடத்தியவர். அவர் சொன்னார்: "ஒரு தேக்சாவுக்கு இருநூறு பேர் என்பது ஊரறிந்த கணக்கு. நானூறு என்று சொன்னால் இரண்டு தேக்சாவோடு முடிந்துவிடும். நானூற்றிருபது என்று வாய்திறந்தால் மூன்றாவது தேக்சா ஏறும். அதற்கொரு கூலி, அதற்கொரு விறகு. நானூறு என்றே எழுதுங்கள். இருபது பேர் கூடுதலாக வந்தால் சமாளிக்காத பண்டாரி உண்டா?"

அது சரியில்லையே என்றேன். "அப்படியானால் கணக்கையே நானூறாக்கிவிடுங்கள்" என்றார். "உங்கள் மதரஸா விடுதிப் பிள்ளைகள் இருபது பேரைப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு மறுநாள் ஏதாவது அனுப்பிக்கொள்ளலாம்."

அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. தம் அண்ணன் மனைவியின் கடன் பெருகக்கூடாது என்ற அக்கறையே அவரைப் பேசவைத்தது. ராத்தா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்து நான் எழுதியதை மறைக்காமல் சொல்கிறேன்: "காக்கா, ஆள் குறைந்துவிட்டது. 400 பேர்தான். ரேட்டைக் குறைத்துச் சொல்லுங்கள்." அனுப்புவதற்கு விரல் போயிற்று. ஆனால் விரல் அழுத்தவில்லை. படுத்தேன், உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் அந்த வாரப் பாடமாக அமைந்திருந்தது தானியக் குவியலைப் பற்றிய ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்டதையும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று சொன்னதையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. பாடத்தை விளக்கிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவன் எழுந்து, "விற்பவர் மட்டுமா ஹஜ்ரத், வாங்குபவர் ஏமாற்றினாலும் இதே சட்டமா?" என்று கேட்டான். இதே சட்டம்தான் என்றேன். கேட்டவன் பட்டியலிலிருந்த அந்த இருபது பிள்ளைகளில் ஒருவன். வகுப்பு முடிந்ததும் முந்தின இரவு எழுதியதை அழித்துவிட்டேன்.

அழித்த பிறகுதான் அந்தச் செய்தியில் எத்தனை கோளாறுகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். பொய்யான எண்ணிக்கை முதல் கோளாறு. அதைத் திருத்தினாலும் வேறு மூன்று எஞ்சியிருந்தன.

முதலாவது, அது அறிவிப்பாக இருந்தது, வேண்டுகோளாக இல்லை. நாங்கள் அறுநூறு பேருக்கு ஒப்பந்தம் செய்து முன்பணமும் கொடுத்தவர்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கட்டளையிடுகிறான். நம் வசதி மாறியதால் ஒப்பந்தம் தானாகவே மாறிவிடாது. இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முழுமையாகவோ ஒரு பகுதியையோ விடுவித்துக்கொள்வதற்கு ஃபிக்ஹில் இகாலா என்று பெயர். அப்படி விடுவித்துக் கொடுப்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. நன்மை அதை ஏற்றுக்கொள்பவருக்கு உரியது. கேட்பவரின் கடமை, கேட்கிறோம் என்ற உணர்வோடு கேட்பது. பண்டாரி மறுத்திருந்தால் அறுநூறு பேருக்கான தொகையைக் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டவர்களாகவே இருந்திருப்போம்.

இரண்டாவது, எண்ணாமலே எழுதியிருந்தேன். நானூற்றிருபது என்ற எண்கூட அறுநூற்றிலிருந்து நூற்றெண்பதைக் கழித்ததுதான். அந்த அறுநூறோ இரண்டு மாதங்களுக்கு முன் குத்துமதிப்பாகச் சொன்னது. அன்று பகல் ராத்தாவுடன் அமர்ந்து அழைப்பிதழ் கொடுத்த வீடுகளின் பட்டியலை வீடு வீடாகப் படித்தோம். வெளியூரில் இருப்பவர்களை நீக்கினோம், விடுபட்டவர்களைச் சேர்த்தோம். கடைசியில் எண்ணிக்கை நானூற்றிருபதிலேயே வந்து நின்றது. ஆனால் எண்ணியதால் ஒன்று தெரிந்தது: அவர்களில் நாற்பது பேர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இதை நாங்கள் பண்டாரியிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

மூன்றாவது, "ரேட்டைக் குறைத்துச் சொல்லுங்கள்" என்ற வாக்கியம். ஆள் குறைந்தால் மொத்தம் குறையும். தலைக்கான விலை குறையாது. பெரும்பாலும் சற்றுக் கூடவே செய்யும். அரிசியும் கறியும் ஆளுக்கேற்பக் குறைகின்றன. வண்டி வாடகையோ பாத்திர வாடகையோ அப்படிக் குறைவதில்லை. இதை அறியாமல் தலைக்கான விலையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தினால், மறுக்கக் கூச்சப்படும் சிலர் சரி என்று ஒப்புக்கொண்டு, கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ கறி என்றிருந்ததை ஒரு கிலோவாக்கிவிடுவார்கள். சஹனைத் திறக்கும்போதுதான் அது தெரியும். அப்போது யாரிடம் வழக்குரைப்பது? பேரம் பேசிய நாமும் அதில் பங்காளிதான்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து, அஸருக்குப் பின் இந்தச் செய்தியை எழுதி அனுப்பினேன்:

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. என் ராத்தா மகனின் வலீமாவுக்கு 600 பேருக்கு, தலைக்கு 350 ரூபாய் வீதம் பேசி, 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறோம். பெண் வீட்டில் பாட்டனார் மவுத்தாகிவிட்டதால் அவர்கள் தரப்பில் 180 பேர் வரவில்லை. இன்று பட்டியலைப் பார்த்து எண்ணியதில் 420 பேர் வருகிறார்கள். பெரியவர்கள் 380, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40. தேதி, நேரம், மண்டபம், உணவு வகைகள் எதிலும் மாற்றமில்லை.

பேசியதை மாற்றக் கேட்பது எங்கள் தரப்பு. ஆகவே இது வேண்டுகோள்தான். உங்களுக்கு இயலுமானால் 420 பேருக்குப் புதிய மதிப்பீடு தர வேண்டுகிறேன். அதில் அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ என்பதையும் குறிப்பிடுங்கள். கறியின் அளவும் தரமும் முன்பு பேசியபடியே இருக்கட்டும். 600 பேருக்காக நீங்கள் இதுவரை யாருக்காவது முன்பணம் கொடுத்திருந்தாலோ சரக்கு வாங்கியிருந்தாலோ தயங்காமல் சொல்லுங்கள். அந்த இழப்பு உங்களைச் சேரக்கூடாது. எந்தத் தேதிக்குப் பிறகு எண்ணிக்கையை மாற்ற முடியாது என்பதையும் தெரிவியுங்கள். நாளை மறுநாள் மஃரிபுக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் செய்வானாக."

பதில் எழுத்தில் வரவில்லை. மறுநாள் லுஹருக்குப் பின் அவரே பள்ளிவாசலுக்கு வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர்; தகப்பனார் காலத்திலிருந்து அடுப்படியில் நிற்பவர். "ஹஜ்ரத், ஆள் குறைந்தது என்று எனக்கு நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவர் நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, ஹவுளின் கரையில் அமர்ந்து குறிப்பேட்டை விரித்தார். அன்று அவர் எனக்கு எடுத்த பாடத்தை அப்படியே தருகிறேன்.

ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு, அதாவது இரண்டு சஹனுக்கு. அறுநூறு பேருக்கு 75 கிலோ. ஒரு தேக்சாவுக்கு 25 கிலோ அரிசி வீதம் மூன்று தேக்சா. கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ கறி. நாங்கள் கொடுக்கும் 350 ரூபாயில் ஏறக்குறைய 240 ரூபாய் அரிசி, கறி, எண்ணெய், நெய், மசாலா, இனிப்பு எனச் சஹனுக்கே போய்விடுகிறது. இதுதான் ஆளுக்கேற்பக் கூடிக் குறைவது. மீதி 110 ரூபாய் வீதம் அறுநூறு பேருக்குச் சேர்வது 66,000. அந்தப் பணம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நகரும் என்றார் அவர்.

சமையற்காரர் கூலியும் விறகும் தேக்சாவைப் பொறுத்தவை. தேக்சாவுக்குக் கூலி 5,000, விறகு 2,000. தேக்சா ஒன்று குறைந்தால் 7,000 குறையும். ஆள் ஐம்பது குறைந்தும் தேக்சா குறையாவிட்டால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பரிமாறுபவர் பத்துச் சஹனுக்கு ஒருவர், ஆளுக்கு 800. வண்டிக்கும் பாத்திரம், சஹன் வாடகைக்கும் 8,000. அது நூறு பேரானாலும் அறுநூறு பேரானாலும் ஏறக்குறைய அதேதான். இவை போக எஞ்சும் 25,000 அவருடைய உழைப்புக்கு.

"இப்போது நானூற்றிருபது பேர்" என்று சொல்லிச் சிறிது யோசித்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது தேக்சாவைச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "இரண்டு தேக்சாவில் கூடுதலாக இரண்டரைக் கிலோவைத் திணித்தால் தம் சரியாக இறங்காது. அடி குழைந்துவிடும், மேலே அரிசி விறைத்து நிற்கும். ஆனால் நீங்கள் குழந்தைகளைப் பிரித்து எழுதியிருக்கிறீர்களே! இரண்டு குழந்தைக்கு ஒரு பங்கு என்பதுதான் எங்கள் வழக்கம். நாற்பது குழந்தைக்கு இருபது பங்கு. ஆக 380-ம் 20-ம் நானூறு பங்கு. ஐம்பது கிலோ அரிசி, எழுபத்தைந்து கிலோ கறி, நூறு சஹன். இரண்டு தேக்சா போதும். முதலில் பேசியபோதே நான் குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை."

நான் சற்று நேரம் பேசவில்லை. பொய்யாக எழுதவிருந்த அதே நானூறு இப்போது உண்மையின் வழியாக வந்து சேர்ந்திருந்தது. அடுப்பில் ஏறப்போவதும் அதே ஐம்பது கிலோதான். பொய் சொல்லியிருந்தால் அன்று எவருக்கும் வயிறு குறைந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அப்போது எது நடக்கிறது என்று அறிந்தவன் நான் மட்டுமாக இருந்திருப்பேன். இப்போது அவரும் அறிந்து, அவரே கணக்கிட்டு, மனமொப்பிச் சொன்னார். ஃபிக்ஹ் நூல்களில் பொருந்துதல் என்ற நிபந்தனையைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை அன்று ஹவுள் கரையில்தான் கண்டேன்.

புதிய கணக்கு இப்படி அமைந்தது. நானூறு பங்குக்கு 240 வீதம் 96,000. இரண்டு தேக்சாவுக்குக் கூலியும் விறகும் 14,000. பரிமாறுபவர் பத்துப் பேருக்கு 8,000. வண்டியும் பாத்திரமும் மாற்றமின்றி 8,000. தம் உழைப்புக்கு இரண்டு தேக்சாவுக்கு 20,000 போதும் என்று அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. மொத்தம் 1,46,000.

"வேறு இழப்பு உண்டா காக்கா?" என்று மறுபடியும் கேட்டேன். தயங்கினார். ஆட்டு வியாபாரியிடம் பதினோரு ஆடுகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஓர் ஆட்டுக்கு ஏறக்குறைய பத்தரைக் கிலோ கறி. இப்போது ஏழு போதும். நான்கு ஆடுகளை விட்டுவிட்டால் ஆட்டுக்கு 500 வீதம் 2,000 ரூபாயை வியாபாரி திருப்பித் தரமாட்டார். "பரவாயில்லை ஹஜ்ரத், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எங்களுக்காகச் சொல்லிவைத்த ஆடு, எங்களால் விட்டுப்போகிறது. அது எங்கள் கணக்கில்தான் வர வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார். 1,48,000. முன்பணம் போகத் தர வேண்டியது 98,000.

கொழுந்தனார் கணக்கைப் பார்த்துவிட்டு, "420-ஐ 350-ஆல் பெருக்கினால் 1,47,000 தானே வருகிறது? ஆயிரம் கூடுதலாக இருக்கிறதே" என்றார். ஆம், கூடுதல்தான். ஆனால் முன்பு பேசியதைவிட 62,000 குறைவு; ராத்தாவின் கடனைவிட அது பெரிது. அந்த ஆயிரம் எங்கே போகிறது என்பது வரிவரியாக எங்கள் கையில் இருக்கிறது. இன்னொரு கணக்கையும் அவருக்குக் காட்டினேன். விடுதிப் பிள்ளைகள் இருபது பேரை நீக்கியிருந்தாலும் தேக்சா இரண்டுதான். மிஞ்சியிருக்கக்கூடியது சஹனில் விழும் 4,800 ரூபாய் மட்டுமே. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவை உணவுகளிலேயே கெட்டது என்று ஹதீஸ் சொல்வதை அவரும் அறிவார். சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளைகளை முதல் பந்தியிலேயே உட்காரவையுங்கள்" என்றார்.

காலத்தைப் பற்றிப் பண்டாரி சொன்ன ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பதினோரு நாள்களுக்கு முன்பே சொன்னதால்தான் நான்கு ஆடுகள் இரண்டாயிரத்தோடு போயின. வியாபாரி அவற்றை வேறொருவருக்கு விற்றுவிட முடியும். ஒரு வாரத்துக்குள் வந்திருந்தால் ஆட்டின் பெரும்பகுதி விலையே நின்றுபோயிருக்கும். மூன்று நாள்களுக்குமுன் மளிகை வந்து இறங்கிவிடும். பரிமாறுபவர்கள் வேறு வேலையை விட்டுவிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதன்பின் பத்துப் பேர் குறைந்தாலும் எவருக்கும் இலாபமில்லை. ஆகவே இறுதி எண்ணிக்கைக்கு மூன்று நாள்களுக்கு முந்தைய இரவைக் கெடுவாகக் குறித்துக்கொண்டோம். தெரிந்துகொண்டே கடைசி நாள் வரை சொல்லாமல் இருப்பது, சொல்லத் தயங்குவது போலத் தோன்றினாலும், நம் இழப்பைப் பிறர் தோளில் ஏற்றுவதுதான்.

முன்பணம் குறித்து நண்பர்கள் கேட்பதுண்டு. விருந்தே ரத்தானால் முன்பணத்தைப் பண்டாரி வைத்துக்கொள்ளலாமா? முன்பணம் இழக்கப்படும் என்ற நிபந்தனையோடு செய்யும் வியாபாரத்துக்கு உர்பூன் என்று பெயர். நம்மவர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் அது கூடாது. ஹன்பலீ மத்ஹபில் கூடும். எங்கள் விருந்து ரத்தாகவில்லை. ஆகவே முன்பணம் புதிய தொகையில் அப்படியே கழிந்தது. ஆனால் இந்தக் கருத்து வேறுபாடு பிணக்காக மாறாமலிருக்க, ரத்தானால் என்ன செய்வது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே, நடந்த செலவு போக மீதி திரும்பும் என்பதுபோல், எழுதி வைத்துவிடுவது நல்லது. இம்முறை ஆட்டுக்கான இழப்பை நாங்கள் ஏற்றதும் அந்த நியாயத்தின்படிதான்.

வலீமா நாளன்று ஸுப்ஹுக்குப் பின் அடுப்படிக்குப் போனேன். என்னைக் கண்டதும் பண்டாரி தராசைக் காட்டினார். கறி எழுபத்தைந்து கிலோவுக்குச் சற்று மேலேயே இருந்தது. நான் நிறுக்கச் சொல்லவில்லை, அவராகவே நிறுத்து வைத்திருந்தார். அளவுகள் எழுத்தில் இருந்ததால் அவரும் நிம்மதியாக இருந்தார், நானும் சந்தேகத்தோடு சுற்றிவர வேண்டியிருக்கவில்லை.

லுஹருக்குப் பின் பந்தி தொடங்கியது. விடுதிப் பிள்ளைகள் ஐந்து சஹனில் முதல் வரிசையில் அமர்ந்தார்கள். ஏமாற்றுபவர் வாங்குபவராக இருந்தால் என்ன சட்டம் என்று கேட்ட மாணவனும் அவர்களில் இருந்தான். அவனுக்குத் தால்சாவை ஊற்றியவர் கொழுந்தனார். கடைசிப் பந்தி எழுந்தபோது தொண்ணூற்றெட்டுச் சஹன்கள் இறங்கியிருந்தன. மீதமிருந்த இரண்டு சஹனுக்கான உணவைப் பண்டாரி ஒரு தூக்கில் போட்டுத் தம் போட்டபடியே மூடி, மண்டபத்தைப் பெருக்க வந்திருந்த பெண்களிடம் கொடுக்கச் சொன்னார்.

மாலையில் மீதித் தொகையைக் கொடுத்தபோது, குறிப்பேட்டில் எங்கள் பக்கத்தை அடித்துவிட்டு, அதன் கீழே ஏதோ எழுதினார். என்ன காக்கா என்று கேட்டேன். இனி மதிப்பீடு கேட்டு வருபவர்கள் எல்லோரிடமும் கேட்பதற்காக ஒரு வரி எழுதிக்கொண்டதாகச் சொன்னார்: "குழந்தைகள் எத்தனை பேர்?"

விற்கும்போதும் வாங்கும்போதும் தம் உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையோடு நடந்துகொள்பவருக்கு அருள்புரியுமாறு நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சியதாகப் புகாரியில் வருகிறது. அந்த துஆவில் அந்தப் பண்டாரியையும் எங்கள் இல்லத்தையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக. மணமக்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆமீன்.